டோக்கன் பில்: அடித்தொகையை மட்டும் பார்த்தால் போதாது

மொத்த மளிகைக் கடைகளில் ஆர்டர் எடுக்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாக வாட்ஸ்அப்புக்கு மாறி வருகிறது. சில்லறைக் கடைக்காரர் "துவரம் பருப்பு 2 மூட்டை, கடலை எண்ணெய் 5 டின், இன்றைய விலை என்ன?" என்று தமிழிலேயே எழுதி அனுப்புகிறார். அதைப் படித்து, விலை சொல்லி, ஆர்டரைச் சீட்டாக்கித் தரும் ஏற்பாட்டை மென்பொருள்காரர்கள் அமைத்துக் கொடுக்கிறார்கள். அதன் பின்னால் வேறொரு நிறுவனத்தின் ஏ.ஐ. சேவை வேலை செய்கிறது. நம் கம்ப்யூட்டர் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரிடம் நேரே கேட்டுப் பதில் வாங்கும் வழிக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். மாத முடிவில் இதற்கு ஒரு பில் வருகிறது.

வணிகர்களாகிய நாம் எந்த பில்லையும் வரி வரியாகப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, சாக்கு விலை என்று ஒவ்வொன்றையும் விசாரிக்கிறோம். ஆனால் இந்த பில்லில் மட்டும் அடித்தொகையைப் பார்த்துவிட்டு, "போன மாதம் இவ்வளவு, வியாபாரம் இத்தனை பங்கு கூடும், ஆகவே அடுத்த மாதம் இவ்வளவு" என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு சாதாரண மாதத்தில் ஓரளவு சரியாக வரும். பண்டிகை மாதத்தில் பாதிக்கும் குறைவாகச் சொல்லிவிடும். அது எப்படி என்பதையும், சரியான கணக்கை எப்படிப் போடுவது என்பதையும் ஒரே ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

பில்லில் இருக்கும் எண்கள்

இந்தச் சேவைகள் டோக்கன் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. ஒரு டோக்கன் என்பது எழுத்தின் ஒரு சிறு துண்டு. ஒரு சொல் ஒரே டோக்கனாகவும் இருக்கலாம், நாலைந்து துண்டாகவும் உடையலாம். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிடப் பொதுவாக அதிகத் துண்டுகளாக உடைகின்றன.

சேவையின் உபயோகப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று எண்கள் தெரியும். `Requests` என்பது எத்தனை முறை கேட்டோம் என்பது. `Input tokens` என்பது நாம் அனுப்பிய எழுத்தின் எடை. `Output tokens` என்பது திரும்பி வந்த பதிலின் எடை. அனுப்புவதற்கு ஒரு விலை, பதிலுக்கு வேறு விலை. பதிலின் விலை பல மடங்கு அதிகமாக இருக்கும். இரண்டும் பத்து லட்சம் டோக்கனுக்கு இத்தனை டாலர் என்று சொல்லப்படும்.

விலைப்பட்டியலைப் பார்ப்பவர்கள் இங்கேதான் முதலில் ஏமாறுகிறார்கள். பதிலின் விலை அதிகமாக இருப்பதால் பணமெல்லாம் பதிலுக்கே போகிறது என்று நினைக்கிறார்கள். மளிகை ஆர்டரில் நடப்பது நேர்மாறு.

காரணம் இதுதான். எதிர்முனையில் இருக்கும் சேவைக்கு முந்தைய பேச்சு எதுவும் நினைவில் இருப்பதில்லை. தினமும் அல்ல, ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக ஒரு கணக்குப்பிள்ளை வந்து உட்காருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் ஒரு வரி கேட்டாலும், அந்தப் புது ஆளுக்கு நம் விலைப்பட்டியல் முழுவதையும் காட்ட வேண்டும். அதுவரை நடந்த பேச்சையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பிறகுதான் புதிய கேள்வியைச் சொல்லலாம். இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒவ்வொரு தடவையும் `Input tokens` கணக்கில் ஏறுகிறது. ஒரு மூட்டை இறக்குவதற்கு கிடங்கையே தூக்கிக்கொண்டு வருவது போன்ற வேலை இது.

ஒரு சாதாரண மாதத்தின் கணக்கு

ஒரு மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். விலைப்பட்டியலில் 300 சரக்குகள். ஒரு சரக்கின் பெயர், அளவு, விலை எல்லாம் சேர்ந்து 20 டோக்கன் என்று கொண்டால், பட்டியல் மட்டும் 6,000 டோக்கன். நாள் ஒன்றுக்கு 50 ஆர்டர். ஒரு ஆர்டர் முடிவதற்குள் சில்லறைக் கடைக்காரர் சராசரியாக 6 முறை எழுதுகிறார். மாதத்தில் 26 வேலை நாள்.

50-ஐ 6-ஆலும் 26-ஆலும் பெருக்கினால் மாதத்துக்கு 7,800 கேள்விகள். ஒரு கேள்வி 100 டோக்கன், ஒரு பதில் 100 டோக்கன் என்று வைப்போம். முதல் கேள்வியில் பழைய பேச்சு எதுவும் இல்லை. ஆறாவது கேள்வி போகும்போது முந்தைய ஐந்து கேள்வியும் ஐந்து பதிலும் கூடவே போகின்றன. ஆறு தடவைக்கும் சராசரி பார்த்தால் பழைய பேச்சு 500, புதிய கேள்வி 100, ஆக 600 டோக்கன். பட்டியலோடு சேர்த்து ஒரு கேள்விக்கு 6,600 டோக்கன் அனுப்புகிறோம்.

நாம் அனுப்பிய மொத்தம் 5 கோடியே 14 லட்சத்து 80 ஆயிரம் டோக்கன். வந்த பதில் 7 லட்சத்து 80 ஆயிரம் டோக்கன். உதாரணத்துக்காக, அனுப்புவதற்கு பத்து லட்சம் டோக்கனுக்கு 1 டாலர், பதிலுக்கு 5 டாலர் என்று விலை வைத்துக்கொள்வோம். அனுப்பியதற்கு 51.48 டாலர். பதிலுக்கு 3.90 டாலர். மொத்தம் 55.38 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டால் ரூ. 4,984. ஆர்டர்கள் 1,300 என்பதால் ஒரு ஆர்டருக்கு ரூ. 3.83 ஆகிறது. வாட்ஸ்அப் செய்திக் கட்டணமும் மென்பொருள்காரரின் கட்டணமும் இதில் சேரவில்லை.

விலை ஐந்து மடங்காக இருந்தும், பதிலுக்குப் போனது நூற்றுக்கு ஏழு ரூபாய்தான். மீதி 93 ரூபாயும் நாம் திரும்பத் திரும்ப அனுப்பிய எழுத்துக்கே போயிற்று.

தீபாவளி மாதம்

இப்போது அடுத்த மாதம் தீபாவளி என்று கொள்வோம். நாள் ஒன்றுக்கு 50 ஆர்டர் 70 ஆகும் என்று அனுபவத்தில் தெரியும். அதாவது நூற்றுக்கு நாற்பது கூடுதல். அடித்தொகையை மட்டும் பார்ப்பவர் 55.38-ஐ 1.4-ஆல் பெருக்கி 77.53 டாலர், அதாவது சுமார் ரூ. 6,980 என்று எழுதிவைப்பார். பாதுகாப்புக்காகச் செலவு வரம்பை 100 டாலர் என்று நிர்ணயிப்பார்.

ஆனால் தீபாவளிக்கு ஆர்டர் மட்டுமா கூடுகிறது? பட்டியலும் நீள்கிறது. கடலை மாவு வகைகள், நெய், வனஸ்பதி, முந்திரி, திராட்சை, ஏலம், பலகார எண்ணெய்ப் பாக்கெட்டுகள் என்று 150 சரக்கு புதிதாக ஏறினால், 300 என்பது 450 ஆகிறது. பட்டியலின் எடை 6,000-லிருந்து 9,000 டோக்கன் ஆகிறது. பேச்சும் நீள்கிறது. வாடிக்கையாளர் இரண்டு தரத்துக்கு விலை கேட்பார், மூட்டையைக் குறைப்பார், மறுபடி கூட்டுவார். 6 தடவை எழுதியவர் 9 தடவை எழுதுகிறார் என்று கொள்வோம்.

கேள்விகள் 70-ஐ 9-ஆலும் 26-ஆலும் பெருக்கினால் 16,380. பேச்சு நீண்டதால் பழைய பேச்சின் சராசரி 800, புதிய கேள்வி 100, பட்டியல் 9,000, ஆக ஒரு கேள்விக்கு 9,900 டோக்கன். அனுப்பிய மொத்தம் 16 கோடியே 21 லட்சத்து 62 ஆயிரம் டோக்கன். அதற்கு 162.16 டாலர். பதிலுக்கு 8.19 டாலர். மொத்தம் 170.35 டாலர், ரூ. 15,331. ஒரு ஆர்டருக்கு ரூ. 8.42.

ஆர்டர் நாற்பது பங்கு கூடியதற்கு பில் மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. மூன்று காரணங்கள் ஒன்றை ஒன்று பெருக்கியதால் வந்த விளைவு இது. ஆர்டர் 1.4 மடங்கு, ஒரு ஆர்டருக்கான கேள்விகள் 1.5 மடங்கு, ஒரு கேள்வியின் எடை 1.5 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 3.15. அடித்தொகையில் இந்த மூன்றும் கலந்து கிடப்பதால், அதை மட்டும் பார்ப்பவருக்கு இவை தனித்தனியாகத் தெரிவதே இல்லை.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து அந்த 100 டாலர் வரம்பில் இருக்கிறது. நாள் ஒன்றுக்குச் சராசரியாக 6.55 டாலர் செலவாகும்போது, 16-ஆம் வேலை நாளில் வரம்பு தீர்ந்துவிடும். அதன் பிறகு சேவை கேள்விகளை ஏற்காது. வாட்ஸ்அப்பில் ஆர்டர்கள் பதில் இல்லாமல் கிடக்கும். பண்டிகை நெருக்கத்தில் பதில் வராவிட்டால் சில்லறைக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார், அடுத்த மண்டிக்குப் போய்விடுவார். ஆகவே மதிப்பீட்டைச் சரியாகப் போட்டு, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து வரம்பு வைப்பதே முறை. இந்தக் கணக்கில் அது சுமார் 213 டாலர்.

மதிப்பிடும் முறை

ஆகவே அடுத்த மாதத்துக்கான கணக்கை நான்கு எண்களாகப் போட வேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது, எத்தனை ஆர்டர் வரும். இது நம்முடைய பில் புத்தகத்திலும் போன வருடத்துச் சிட்டையிலும் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரு ஆர்டருக்கு எத்தனை கேள்வி. `Requests` எண்ணை நம் ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும். மூன்றாவது, ஒரு கேள்விக்கு எத்தனை டோக்கன் அனுப்புகிறோம். `Input tokens` எண்ணை `Requests` எண்ணால் வகுக்க வேண்டும். நான்காவது, ஒரு பதிலுக்கு எத்தனை டோக்கன். அதே முறையில் `Output tokens` எண்ணை வகுக்க வேண்டும். இந்த நான்கில் ஒவ்வொன்றும் அடுத்த மாதம் கூடுமா குறையுமா என்று தனித்தனியாக யோசித்து, பிறகு பெருக்கிக்கொள்ளலாம்.

மாதத்தின் 10-ஆம் வேலை நாளில் இதே எண்களை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே இன்னொரு பிழை நடக்கிறது. பத்து நாள் செலவைப் பத்தால் வகுத்து இருபத்தாறால் பெருக்குகிறார்கள். பண்டிகை மாதத்தில் வியாபாரம் நாள்தோறும் சமமாக நடப்பதில்லை. போன வருடம் அதே மாதத்தில் முதல் பத்து நாளில் மொத்த ஆர்டரில் நூற்றுக்கு 30 பங்குதான் நடந்தது என்று சிட்டை சொன்னால், இந்த வருடம் பத்து நாள் செலவை 0.30-ஆல் வகுக்க வேண்டும். பத்து நாளில் 50 டாலர் ஆகியிருந்தால், முதல் முறைப்படி மாதத்துக்கு 130 டாலர் என்று வரும். இரண்டாம் முறைப்படி 167 டாலர். உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவதுதான்.

இந்த எண்கள் கோளாறையும் காட்டிக்கொடுக்கும். பட்டியல் மாறவில்லை, பண்டிகையும் இல்லை, ஆனால் ஒரு ஆர்டருக்கு 6 கேள்வி என்பது 8 ஆகிவிட்டது என்றால், வாடிக்கையாளர் எழுதிய செய்திகளை வாட்ஸ்அப்பில் எண்ணிப் பாருங்கள். அங்கே ஆறுதான் இருக்கிறது என்றால், பதில் தாமதமாகும்போது மென்பொருள் அதே கேள்வியை இரண்டாம் முறை அனுப்புகிறது என்று அர்த்தம். சேவை இரண்டுக்கும் பணம் வாங்கும். திருத்த வேண்டியவர் மென்பொருள்காரர். பல சேவைகளின் கணக்கில் நாள் மாறுவது நம் காலை 5.30 மணிக்கு என்பதையும் ஒப்பிடும்போது நினைவில் வைக்க வேண்டும்.

எடையைக் குறைக்கும் வழி

மாறாத பட்டியலைத் திரும்பத் திரும்ப அனுப்புவதற்குப் பல நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. உபயோகப் பக்கத்தில் இது `Cached` என்ற பெயரில் தனி எண்ணாகத் தெரியும். தள்ளுபடி விலை முழு விலையில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டு, பட்டியல் எல்லாத் தடவையும் தள்ளுபடியில் போனால், மேலே சொன்ன சாதாரண மாதத்து 55.38 டாலர் பில் 13.26 டாலராகக் குறையும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. கேள்விகளுக்கு இடையே சில நிமிடம் இடைவெளி விழுந்தால் தள்ளுபடி போய்விடும். சில நிறுவனங்கள் முதல் தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வாங்குகின்றன. ஆனாலும் பாதி குறைந்தாலே லாபம்தான்.

இந்தத் தள்ளுபடிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அனுப்பும் எழுத்து முதல் வரியிலிருந்தே முன்பு அனுப்பியதுபோல் இருக்க வேண்டும். எங்கே முதல் மாற்றம் வருகிறதோ, அதற்குப் பின்னால் உள்ள அத்தனைக்கும் முழு விலை. சில மென்பொருள்காரர்கள் பட்டியலுக்கு மேலே தேதியையும் மணியையும் ஒரு வரியில் போட்டு அனுப்புகிறார்கள். மணி நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் தள்ளுபடி கிடைப்பதே இல்லை. `Cached` எண் பூஜ்யமாக அல்லது மிகக் குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். அந்த ஒரு வரியைப் பட்டியலுக்குக் கீழே மாற்றினால் போதும். இதைவிடச் சிறந்த வழியும் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்ட சரக்கின் விலையை மட்டும் தேடி எடுத்து அனுப்பும்படி அமைத்தால், 6,000 டோக்கன் சில நூறாகக் குறைந்துவிடும். பண்டிகைக்குப் பட்டியல் நீண்டாலும் பில் அதனால் ஏறாது.

விலை குறைந்த வேறு சேவைக்கு மாறலாம் என்று யோசனை சொல்பவர்களிடம் ஒரு எச்சரிக்கை தேவை. டோக்கன் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே அளவு இல்லை. முன்பு பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஒரு படி இருந்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். படி விலை மலிவு என்று வாங்கி, அளந்து பார்த்தால் படியே சிறியதாக இருக்கும். அதுபோல ஒரு நிறுவனத்தில் 6,000 டோக்கனாக இருக்கும் தமிழ்ப் பட்டியல் இன்னொன்றில் 9,000 ஆக இருக்கலாம். நம் பட்டியலையே இரண்டு இடத்திலும் கொடுத்து, எத்தனை டோக்கன் ஆகிறது என்று பார்த்த பிறகே விலையை ஒப்பிட வேண்டும்.

வரியையும் மறக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரே சேவை வாங்கினால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீதத்தை அவரே கட்ட வேண்டும். ரூ. 15,331 என்பது ரூ. 18,091 ஆகிறது. சாதாரணப் பதிவில் இருப்பவர் இதை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை, முழுதும் செலவுதான். கார்டில் கட்டுபவர்கள் டாலர் மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிறு ஆர்டர்களின் நிலை

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் நிற்கும் வியாபாரத்தை நினைத்துப் பாருங்கள். ரூ. 8,000 ஆர்டரில் ரூ. 160 நிற்கிறது. அதில் ரூ. 8.42 போனால் தாங்கலாம். தெருக்கோடிப் பெட்டிக்கடைக்காரர் அனுப்பும் ரூ. 1,000 ஆர்டரில் நிற்பது ரூ. 20. அதில் ரூ. 8.42 போனால் மீதியில் ஏற்று கூலிகூடத் தேறாது. இதைப் பார்த்துவிட்டு, இத்தனை ரூபாய்க்குக் குறைந்த ஆர்டர் எடுக்க மாட்டோம் என்று அறிவிக்கும் எண்ணம் சிலருக்கு வரலாம். அது தவறு என்பது நம் உறுதியான கருத்து. அந்தச் செலவை உண்டாக்குவது அந்தச் சிறு வியாபாரி இல்லை. அவர் எழுதுவது நாலு வரி. அவருடைய ஒவ்வொரு வரியோடும் நாம் அனுப்பும் முழுப் பட்டியல்தான் செலவை உண்டாக்குகிறது. அதைக் குறைத்தால் அவருடைய ஆர்டரும் கட்டுபடியாகும்.

மென்பொருள்காரர் மாதாமாதம் "ஏ.ஐ. செலவு" என்று ஒரே தொகையாக எழுதித் தந்தால் உறுப்பினர்கள் அதை ஏற்கக் கூடாது. கேள்விகள் எத்தனை, அனுப்பிய டோக்கன், வந்த டோக்கன், தள்ளுபடியில் போனது எவ்வளவு என்ற நான்கையும், உபயோகப் பக்கத்தின் நகலோடு பில்லில் கேட்டு வாங்க வேண்டும். புதிதாக ஒப்பந்தம் போடுபவர்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. பண்டிகைச் சரக்குகளைப் பட்டியலில் ஏற்றும் நாளுக்கு முன்பே அடுத்த மாதக் கணக்கைப் போட்டு, வரம்பையும் உயர்த்தி வைத்துவிட வேண்டும்.